ரஞ்சனி வெட்டிய கயிற்று நுனி

மொட்டப்பாறைத் துறையில் விசைப்படகு ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் ரஞ்சனியைத் தெரியும். படகின் முன்னால் கயிற்றோடு நிற்கிற நாற்பத்து மூன்று வயதுப் பெண். லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பூட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகளை அவள் விடமாட்டாள். "மாட்டு சாமி, மாட்டீட்டு அப்பறம் போனைப் பாரு" என்று நின்ற இடத்திலிருந்தே சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அவளைத் துணிச்சலானவள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஆற்றைக் கண்டால் பயம் என்பது அவள் கணவர் சிவக்குமாருக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் பிறந்தது குமாரபாளையத்தில், தறிக்காரர் குடும்பத்தில். பதினாறு வயதிலிருந்து விசைத்தறியில் நின்றவள். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரண்டு நுனியையும் பிடித்து, கண் இமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டு, கத்தரியால் வாலை ஒட்ட நறுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவாள். வால் நீண்டிருந்தால் இழைகள் ஓடுகிற அச்சில் மாட்டும், பக்கத்து இழைகளையும் சேர்த்து அறுக்கும். மேஸ்திரி துணியைத் தடவிப் பார்த்தே யார் விட்ட வால் என்று கண்டுபிடித்துத் திட்டுவார். ரஞ்சனியின் துணியில் அவர் விரல் எங்கும் நின்றதில்லை. முடி, நறுக்கு. முடி, நறுக்கு. இப்படி இருபத்து மூன்று வருடம்.

கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த பிறகும் பக்கத்து ஊர்த் தறிக்குத்தான் போனாள். சிவக்குமார் வீட்டார் துறையில் படகு ஓட்டுகிறவர்கள். கதவணையில் தேங்கி நிற்கிற காவிரியில் சேலம் கரையிலிருந்து ஈரோட்டுக் கரைக்குப் போய்வருகிற ஃபைபர் படகு. ரோட்டு வழியாகப் போனால் முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டும், படகில் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தையும் ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பாள். அம்மா வீட்டுக்குப் போவதென்றால் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

நான்கு வருடத்துக்கு முன்பு, தை மாதம், ஒரு மத்தியான வேளையில் சிவக்குமாரின் வலது கையில் இரண்டு விரல் போனது. படகின் முன்பக்கத்தில் இரண்டு கொம்பு வைத்த இரும்பு ஒன்று இருக்கும். கரையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அதில்தான் சுற்றுவார்கள். துறையில் அதற்குக் கொம்பு என்றே பெயர். அடியில் ஒரு முழுச்சுற்றுப் போட்டு, பிறகு எட்டு எழுதுகிற மாதிரி இரண்டு கொம்புக்கும் குறுக்கே மாற்றி, கடைசியில் கயிற்றைத் தன் மேலேயே மடக்கி இறுக்குகிற ஒரு மடக்குப் பூட்டு. அன்றைக்குப் படகு நிறைய ஆள். சிவக்குமார் அவசரத்தில் அடிச்சுற்றை விட்டுவிட்டு நேரே மடக்குப் பூட்டைப் போட்டுவிட்டார். காற்று படகின் பின்பக்கத்தை வெளியே தள்ளியது. மொத்த இழுப்பும் அந்தப் பூட்டின் மேல் வந்து விழுந்து, கயிறு தன்னைத்தானே கடித்துக்கொண்டது. படகு ஒரு பக்கமாகச் சாய, கயிற்றை விட்டுக்கொடுக்கவேண்டுமே என்று அவர் பூட்டைப் பிடுங்கினார். இறுகிக் கிடந்தது சட்டென்று எகிறி அடுத்த நொடியே மறுபடி இறுகியது. மோதிர விரலும் சுண்டு விரலும் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் இருந்தன.

அடிச்சுற்று இருந்திருந்தால் இழுப்பையெல்லாம் அதுவே தாங்கியிருக்கும். பூட்டைச் சும்மா எடுத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்ஜினை இடது கையால் ஓட்டப் பழகிக்கொண்டார். கயிறு பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. இரண்டு பேர் வந்தார்கள், நிற்கவில்லை. ரஞ்சனி தறியை விட்டாள்.

"நீ ஆத்துல நிப்பியா?" என்று சிவக்குமார் கேட்டார்.

"நின்னுதானுங்க ஆகோணும்" என்றாள்.

முதல் ஒரு மாதம் ஒவ்வொரு தடவை கரை விலகும்போதும் அவள் கண் கரையையே தேடியது. பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. ஆனால் பயந்துகொண்டே வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அதனால் கயிற்றை மட்டும் பார்த்தாள்.

அந்த வருடம் படகுக்காரர்களுக்கெல்லாம் துறையிலேயே ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நவநீதகிருஷ்ணன் என்கிற தீயணைப்பு வீரர் வந்திருந்தார். ரஞ்சனியைவிடப் பத்து வயது இளையவர், மெலிந்த ஆள். முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். கயிற்றில் ஒரு சின்ன வளையம், நுனி அதற்குள் கீழிருந்து மேலே வந்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே திரும்ப உள்ளே இறங்கியது. சுருங்காத ஒரு கண்ணி கிடைத்தது.

"இதுதான் போலைன். ஆளை இறக்கறதுக்கு, நங்கூரம் கட்டறதுக்கு, எல்லாத்துக்கும் இதான்."

ரஞ்சனி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க தறி முடிச்சுங்களே."

"ஆமாங்கா. ரெண்டு நூலைச் சேத்தா தறி முடிச்சு, ஒரே கயித்துல கண்ணி போட்டா போலைன். உருவம் ஒண்ணுதான்."

"பருத்தி நூல்ல நல்லா நிக்குங்க. பாலியஸ்டர் நூல்ல நழுவிப் போயிருமே. அதுக்கு ரெண்டு சுத்துப் போடுவோம்."

நவநீதகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அக்கா கேட்டதுதான் முக்கியம். கயிறு புதுசா, விறைப்பா, வழவழன்னு இருந்தா போலைனைச் சும்மா நம்பாதீங்க. இழுப்பு இருக்கிற வரைக்கும் நிக்கும். இழுப்பு இல்லாமத் தொளதொளன்னு கிடந்து ஆடிட்டே இருந்தா, யாரும் தொடாம தானா அவுந்துக்கும். வாலை ஒரு சாணுக்கு மேல விடணும். அந்த வாலையும் கண்ணியோட சேத்து இன்னொரு முடிச்சுப் போட்டுக்கணும்."

பிறகு எட்டு வடிவத்தில் விழுகிற எட்டு முடிச்சைக் காட்டினார். கயிற்றின் கடைசி நுனி ஓட்டையை விட்டு ஓடிவிடாமல் தடுக்கிற முடிச்சு. "இதையும் சாமியாட்டம் நம்பீராதீங்க. ஓட்டை பெருசா, கயிறு சன்னமா இருந்தா உள்ள போயிரும். பாரத்தை இழுத்துச்சுன்னா கல்லாட்டம் இறுகிக்கும், அப்பறம் நகத்துல அவுக்க முடியாது. இது தடுக்கறதுக்குத்தான். இதுமேல படகைத் தொங்க விடாதீங்க."

ரஞ்சனி எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாள். எட்டு முடிச்சு, போலைன், கொம்பு மூன்றிலும் துறையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மற்ற படகுக்காரர்களே சொன்னார்கள்.

போன ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை, நங்கூரக் கயிற்றை மாற்றினார்கள். பழைய கயிறு கட்டைவிரல் தடிமன், நைந்து போயிருந்தது. கடையில் அந்தத் தடிமன் இல்லை. நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு, சுண்டுவிரல் தடிமன், நாற்பது மீட்டர் வாங்கி வந்தார் சிவக்குமார். பளபளவென்று, கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது.

ஒரு முனையைப் படகின் முன்பலகையில் இருக்கும் ஓட்டைக்குள் விட்டு ரஞ்சனி எட்டு முடிச்சுப் போட்டாள். மறுமுனையை நங்கூர வளையத்தில் போலைன் போட்டாள். ஒரு முழம் வால் மிஞ்சியது. அது காலில் தட்டும், ஏறுகிறவர்கள் தடுக்குவார்கள். அப்படி நினைத்தாளா என்றுகூட அவளுக்குப் பிறகு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. கை தன் பாட்டுக்குக் கத்தரியை எடுத்தது, ஒட்ட நறுக்கியது. நான்கு விரல் அகலம் விட்டிருப்பாள். நுனி பிரியாமலிருக்க லைட்டரால் உருக்கித் தேய்த்தாள். முடிச்சு பார்க்க அழகாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நங்கூரம் படகின் முன்னால் சும்மா கிடந்தது. என்ஜின் அதிர்ந்தது. ஏறுகிறவர்கள் கால் பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மேலே அணையில் தண்ணீர் திறப்பை அதிகப்படுத்தப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பன்னிரண்டு மணியோடு படகை நிறுத்திவிட வேண்டும். அதற்குள்ளேயே ஆறு செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. கீழே கதவணையில் ஷட்டர்களைத் தூக்கிவிட்டார்கள். எப்போதும் குளம் போலக் கிடக்கிற தண்ணீர் அன்றைக்கு ஓடியது. பத்தரை மணி நடையைக் கடைசி நடை என்று சிவக்குமார் சொல்லிவிட்டார்.

பதினாறு பேர் ஏறினார்கள். அதில் சின்னண்ணன் என்கிற ஆட்டு வியாபாரி ஒருவர். மேச்சேரி ஆடு இரண்டை வாங்கி, தன் எக்ஸெல் மொபெட்டோடு அக்கரைச் சந்தைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மொபெட்டை நடுவில் நிறுத்தி, ஆடுகளை அதில் கட்டினார். தனப்பிரியா என்கிற இன்ஜினீயரிங் படிக்கிற பெண் ரஞ்சனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தண்ணி இன்னிக்கு வேகமா இருக்குல்லங்க?"

"வாரைப் பூட்டு கண்ணு" என்றாள் ரஞ்சனி.

பாதி ஆறு தாண்டியிருப்பார்கள். மேலிருந்து ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று, ஒரு கொட்டகை அளவுக்கு, சுழன்று வந்தது. சிவக்குமார் ஒதுக்கிப் பார்த்தார். ஒதுங்கவில்லை. செடிகளோடு கிழிந்த மீன்வலை ஒன்றும் இருந்திருக்கிறது. அது என்ஜின் விசிறியில் சுற்றி, என்ஜின் முக்கி, நின்றுபோனது.

அந்த அமைதியில்தான் ஆற்றின் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், கீழே, கதவணையின் இரைச்சல். கரையில் இருந்த வேப்பமரம் மெதுவாகப் பின்னால் போவதை எல்லோரும் பார்த்தார்கள். மரம் நகரவில்லை, தாங்கள்தான் நகர்கிறோம் என்று புரிய ஒரு நொடி ஆனது.

"நங்கூரத்தைப் போடு ரஞ்சனி!"

அவள் தூக்கினாள். இருபது கிலோ இரும்பு, பயத்தில் எடையே தெரியவில்லை. முன்பக்கத்து விளிம்பின் மேல் வைத்துத் தள்ளினாள். தொப்பென்று விழுந்தது. கயிறு சரசரவென்று இரண்டு ஆள் நீளத்துக்கு ஓடியது.

பிறகு ஓடவில்லை.

நீலக்கயிறு தண்ணீர் மேலேயே மிதந்து நெளிந்தது. அந்த மாதிரிக் கயிறு மிதக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நங்கூரம் கட்டிய கயிறு மிதக்காது. அவள் இழுத்தாள். கனமே இல்லை. கை மாற்றி மாற்றி இழுத்தாள், முனை வந்துவிட்டது. அறுந்த முனை இல்லை. உருக்கித் தேய்த்த நுனி அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு அடி தூரம் வரைக்கும் கயிறு வளைந்து வளைந்து, முடிச்சு இருந்த தடம் மட்டும் இருந்தது.

"அறுந்து போச்சா?" என்று பின்னாலிருந்து சிவக்குமார் கத்தினார்.

ரஞ்சனி அந்த நுனியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"போச்சுங்க" என்றாள்.

பின்னாளில் அவள் அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அப்படியொரு பயம் அவளுக்கு இருந்திருக்கிறது. ஷட்டர் பக்கம் போகிற பயத்துக்கு நடுவிலும், இதைக் கட்டினது நான்தான் என்று பதினாறு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம்.

ஒரு பெண் உரக்க அழ ஆரம்பித்தாள். தனப்பிரியா போனை எடுத்து அவசர எண்ணுக்கு அடித்தாள். "மொட்டப்பாறை, மொட்டப்பாறைத் துறைங்க, படகு, படகுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சிவக்குமார் என்ஜினை மேலே சாய்த்து, கதிரரிவாளால் வலையை அறுக்கப் பார்த்தார். மூன்று விரல் கையால் வலையைப் பிடிக்க முடியவில்லை. எப்படியும் கால்மணி நேர வேலை. அவ்வளவு நேரம் இல்லை. கதவணையின் தூண்கள் ஒவ்வொன்றாக எண்ண முடிகிற அளவுக்குத் தெரிந்தன.

ரஞ்சனி படகுக்குள் பார்த்தாள். கனமாக என்ன இருக்கிறது? மொபெட் இருந்தது.

"அண்ணா, உங்க வண்டி வேணுங்க. நங்கூரத்துக்கு."

சின்னண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். ஆடுகளை அவிழ்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, "எங்க கட்டோணும் சொல்லு தாயி" என்றார்.

மொபெட்டின் சீட்டுக்கு அடியில் ஓடுகிற தடித்த குழாயில் கயிற்றைக் கொடுத்தாள். தறியில் ஒரு நாளைக்கு நூறு தடவை போட்ட முடிச்சுதான், இப்போது வளையத்துக்குள் நுனி போக மறுத்தது. ஒரு தடவை தப்பான பக்கம் சுற்றிவிட்டாள். அவிழ்த்தாள். வாயைத் திறந்து, தனக்கே சொல்லிக்கொண்டாள்: "கீழிருந்து மேல. பின்னால சுத்து. மறுபடி உள்ள." நுனி உள்ளே இறங்கியது. இந்த முறை ஒரு கை நீளம் வால் விட்டாள். கண்ணியோடு சேர்த்து அந்த வாலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். காலை வைத்து இழுத்து இறுக்கினாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"ரஞ்சனி, நேரமில்லைடி!"

"இருங்க" என்று கத்தினாள். மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

மூன்று ஆண்கள் மொபெட்டைத் தூக்கி முன்பக்கத்தில் தள்ளினார்கள். படகு ஒரு பக்கமாகக் குனிந்து தண்ணீர் உள்ளே அடித்தது. கயிறு ஓடியது. இந்த முறை கனத்தோடு, விளிம்பில் உரசிச் சூடு கிளம்ப ஓடியது. ஓடுகிற கயிற்றை அள்ளிக் கொம்பின் அடியில் ஒரு சுற்றுப் போட வேண்டும். ரஞ்சனி கையை நீட்டினாள். கை போகவில்லை. விரல் போன அன்று ரத்தத்தில் ஊறிய துண்டைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த சிவக்குமார் அவள் கண் முன்னால் வந்தார். ஒரே நொடி தயங்கினாள். அதற்குள் நாற்பது மீட்டரும் போய்விட்டது.

பட்டென்று ஒரு அதிர்ச்சி. மொபெட் அடியில் எங்கோ பாறையில் மாட்டியிருக்கிறது. மொத்தப் படகும் இப்போது முன்பலகை ஓட்டையில் இருந்த எட்டு முடிச்சில் தொங்கியது. எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். படகின் மூக்கு ஆற்றை எதிர்த்துத் திரும்பியது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து ஓடியது.

"நின்னுருச்சு! நின்னுருச்சு!" என்று யாரோ கூவினார்கள்.

ரஞ்சனி முழங்காலிட்டு ஓட்டையைப் பார்த்தாள். பழைய தடிக்கயிற்றுக்காகப் போட்ட ஓட்டை அது. வருடக்கணக்கில் தேய்ந்து முட்டை மாதிரி நீண்டிருந்தது. சன்னக் கயிற்றின் எட்டு முடிச்சு அதற்குள் பாதி இறங்கிவிட்டது. பலகையில் மயிரிழைபோல ஒரு விரிசல். அவள் பார்க்கப் பார்க்க முடிச்சு இன்னும் ஒரு நெல் அளவு உள்ளே நகர்ந்தது. இன்னொரு குலுக்கல் வந்தால் முழுசாகப் போய்விடும்.

இழுப்பு இருக்கிற வரைக்கும் கயிற்றைக் கொம்புக்குக் கொண்டுவர முடியாது. வீணைத் தந்தி மாதிரி நின்றது. அவள் இரண்டு கையாலும் கயிற்றின் மேல் படுத்து அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"எல்லாரும் அசையாம உக்காருங்க" என்றாள். ஆடு ஒன்று கத்தியது. அவள் கண்ணை எடுக்காமல் முடிச்சையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிரார்த்தனை செய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கொம்பு எத்தனை தூரம், எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று மட்டும் மனது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது.

அடியில் மொபெட் சரிந்தது. கயிறு தளர்ந்தது. படகு பின்னால் போக ஆரம்பித்தது. மற்றவர்கள் அலறினார்கள். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். இரண்டு கை கயிற்றை அள்ளினாள். கொம்பின் அடியில் ஒரு முழுச்சுற்று. கயிறு வழவழப்பு, ஒன்று போதாது, இன்னொரு சுற்று. விரல்களை வெளியே வைத்து, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, குறுக்கே ஒரு எட்டு. அதற்குள் மொபெட் மறுபடி எதிலோ மாட்டியது. இழுப்பு வந்து விழுந்தது. கயிறு கொம்பில் கீச்சென்று ஒரு சாண் நழுவியது. அவள் விடாமல் இன்னொரு எட்டு, இன்னொன்று போட்டாள். நழுவல் நின்றது. கடைசியில்தான் மடக்குப் பூட்டு.

பலகை ஓட்டைப் பக்கம் கயிறு தளர்ந்து கிடந்தது. இழுப்பு முழுவதும் கொம்பில் இருந்தது.

கதவணைக்கும் படகுக்கும் நடுவில் நூற்றைம்பது அடி இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ரஞ்சனி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சாரல் கழுத்தில் பட்டது, அது போதும்.

சிவக்குமார் வலையை அறுக்க இருபது நிமிஷம் ஆனது. தனப்பிரியா பின்னால் போய் வலையைப் பிடித்துக்கொண்டாள், அவர் அறுத்தார். அந்த இருபது நிமிஷமும் ரஞ்சனி கொம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தாள். கயிறு முனகுவது கையில் தெரிந்தது. ஒவ்வொரு முனகலுக்கும் கீழே மொபெட்டில் இருக்கிற முடிச்சை நினைத்தாள். இழுப்பு இருக்கிறது, அவிழாது, இழுப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். வண்டி சரிந்து மறுபடி தளர்ந்தால் என்ன ஆகும்? கை நீளம் வால் விட்டிருக்கிறேன். இன்னொரு முடிச்சும் போட்டிருக்கிறேன். போட்டேனா? போட்டேன். தன் கை செய்ததைத் தானே நம்ப முடியாமல் போவது அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

என்ஜின் இரண்டு தடவை கிளம்பி அணைந்தது. மூன்றாவது தடவை நின்று ஓடியது.

"அறுத்து உட்ரு, போயர்லாம்" என்றார் சிவக்குமார், அரிவாளை முன்னால் கொடுத்தனுப்பி.

"மாட்டேனுங்க. மொதல்ல ஓட்டுங்க. கயிறு தொளதொளன்னு ஆகட்டும், அப்பறம்."

"ஓடுதுல்ல?"

"ஓடட்டும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

அவர் முறுக்கினார். படகு அங்குலம் அங்குலமாக மேலே ஏறியது. கயிறு தளர்ந்து, மிதந்து, வளைந்தது. என்ஜின் சத்தம் மாறாமல் இருக்கிறதா என்று அவள் நூறு வரை எண்ணினாள். பிறகு பூட்டை எடுத்தாள், எட்டுகளை எடுத்தாள், அடிச்சுற்று இரண்டையும் எடுத்தாள். ஒன்றும் கடிக்கவில்லை. ஆனால் மறுமுனையில் எட்டு முடிச்சு ஓட்டைக்குள் இறுகி, பிளாஸ்டிக் என்றே தெரியாமல் கல்லாகியிருந்தது. அதை நகத்தால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அரிவாளைப் போட்டு அறுத்தாள். நீலக்கயிறு ஆற்றோடு போனது.

கிளம்பிய கரைக்கே திரும்பினார்கள். தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. ரப்பர் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நவநீதகிருஷ்ணனும் இருந்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொருவராக இறங்கி மண்ணில் உட்கார்ந்தார்கள். சின்னண்ணனின் ஆடுகள் எதுவும் நடக்காத மாதிரி வேலியோரம் மேய்ந்தன.

"மட்டமான கயித்தை வித்துப்புட்டானுங்க" என்று சிவக்குமார் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தார். "நாலு நாள்ல அறுந்து போச்சு! அந்தக் கடைக்காரனை உடமாட்டேன்."

நான்கு பேர் சேர்ந்து ஆமாம் போட்டார்கள். யாரோ ஒருவர் கடைக்கே போவோம் என்று வண்டியை எடுத்தார். ரஞ்சனி படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் இது இப்படியே முடிந்துவிடும். நங்கூரம் ஆற்றில், கயிறு ஆற்றில், பார்த்தவர்கள் யாருமில்லை.

எழுந்தாள்.

"கயிறு அறுந்து போகலீங்க" என்றாள்.

சிவக்குமார் திரும்பினார்.

"முடிச்சு அவுந்துருச்சு. நான்தான் கட்டுனேன். வாலை ஒட்ட நறுக்கிப்புட்டேன். தறிப் பழக்கம்."

அழுதுகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பதினாறு உசுருங்கொ" என்றாள், திட்டுகிற குரலிலும் இல்லை, வேறு எப்படியும் இல்லை. ரஞ்சனி அதற்குத் தலையை ஆட்டினாள். நவநீதகிருஷ்ணன் மட்டும் பக்கத்தில் வந்து, "எவ்வளவு விட்டீங்க?" என்று கேட்டார். அவள் நான்கு விரலைக் காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டார். "நீங்கதானேக்கா அன்னிக்குக் கேட்டீங்க" என்றார். அதைவிட அவர் அடித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் சிவக்குமார் ஓரமாக நின்றார். பிறகு தன் வலது கையை அவள் முன்னால் நீட்டி, "நான் இதைக் காத்து மேல பழி போட்டேன், மூணு வருஷமா. அன்னிக்கு அடிச்சுத்துப் போடலைங்கறதை உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார்.

விசாரணை நடந்தது. இரண்டு மாதம் படகு நிறுத்தி வைக்கப்பட்டது. பலகையை மாற்றி, ஓட்டைக்கு இரும்பு வளையம் வைத்து, தடித்த கயிறும் இரண்டாவது நங்கூரமும் வைத்த பிறகுதான் அனுமதி கொடுத்தார்கள். சின்னண்ணனுக்குப் பழைய மொபெட் ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அழுத பெண் அதற்கப்புறம் படகில் ஏறவில்லை, பஸ்ஸில்தான் போகிறாள். அவள் மட்டுமல்ல, இன்னும் சிலரும்.

படகை மறுபடி விட்ட முதல் நாள் ரஞ்சனியால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. வாசல் வரை வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "வேற ஆளைப் பாத்துக்கலாம், நீ இரு" என்றார் சிவக்குமார். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, "வேற ஆளுக்கு முடிச்சு எங்க அவுழும்னு தெரியாதுங்க. வாரேன், போங்க" என்றாள்.

இப்போதும் துறையில் அவளைப் பார்க்கலாம். ஒவ்வொரு நடைக்கு முன்பும் நங்கூர முடிச்சை இழுத்துப் பார்க்கிறாள். நாளுக்கு இரண்டு தடவை முழுசாக அவிழ்த்துப் புதிதாகப் போடுகிறாள். அவசரப்படுகிறவர்கள் முணுமுணுத்தால் காதில் வாங்குவதில்லை. அவள் கத்தரியைக் கையில் எடுப்பதில்லை, சிவக்குமார்தான் எடுக்கிறார். கரை விலகும்போது பயம் முன்னைவிட அதிகமாகவே வருகிறது. சில நாள் நடு ஆற்றில் என்ஜின் சத்தம் லேசாக மாறினால்கூட அவள் கை தானாகக் கொம்பைப் பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் தனப்பிரியா தன் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோழிக்குத் தண்ணீர் பயம், ஏறமாட்டேன் என்று படித்துறையிலேயே நின்றாள்.

"வாடி, அக்கா இருக்காங்க" என்று தனப்பிரியா இழுத்தாள்.

ரஞ்சனி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, கரையிலேயே அவளுக்கு மாட்டி, மூன்று வாரையும் தானே பூட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"எனக்குப் பக்கத்துல உக்காரு சாமி" என்றாள்.